தேங்கிய சரக்கு: காத்திருப்பதா, விலையைக் குறைப்பதா?

கடையில் சரக்கு விற்காமல் கிடக்கும் நாளெல்லாம் அதன்மேல் செலவு ஏறிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தச் செலவுக்கென்று யாரும் தனியாக பில் அனுப்புவதில்லை. வட்டியை வங்கி மொத்தமாகப் பிடித்துக்கொள்கிறது, வாடகை மாதம் பிறந்தால் போகிறது, ஆட்களின் சம்பளமும் அப்படியே. எந்த அடுக்கில் இருக்கும் எந்தச் சேலைக்காக எவ்வளவு போயிற்று என்று கணக்குப் புத்தகம் காட்டாது. அதனால்தான் பல கடைகளில் "அடக்க விலைக்குக் கீழே கொடுப்பதில்லை" என்பதே ஒரே விதியாக இருக்கிறது. ஐப்பசியில் நின்றுபோன சரக்கு ஆடித் தள்ளுபடி வரை அடுக்கிலேயே கிடப்பதற்கும் இந்த விதிதான் காரணம். சரக்கை வைத்திருக்க ஆகும் செலவை மாதக் கணக்கில் பிரித்துப் பார்த்தால், இந்த விதி எங்கே பொருந்தும், எங்கே கையைக் கடிக்கும் என்பது தெளிவாகும். தமிழ்நாட்டில் ஒரு நடுத்தர ஜவுளிக்கடையின் தீபாவளிச் சரக்கை வைத்து அதைப் பார்க்கலாம். கீழே வரும் எண்கள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை, ஜி.எஸ்.டி. எதிலும் சேர்க்கப்படவில்லை.

ஒரு சேலைக்கு மாதம் எவ்வளவு?

ஆவணி மாதம் வாங்கிய ஒரு சிந்தெடிக் டிசைனர் சேலையின் அடக்க விலை, லாரி வாடகை உட்பட, 1,000 ரூபாய் என்று கொள்வோம். விலைச்சீட்டில் 1,500 ரூபாய். இந்தச் சேலை ஒரு மாதம் விற்காமல் இருந்தால் நான்கு வகையில் பணம் போகிறது.

முதலாவது, முடங்கிய முதலுக்கான வட்டி. கடை வங்கிக் கடனில் ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு ஓடுகிறது என்றால் 1,000 ரூபாய்க்கு மாதம் 10 ரூபாய். சொந்தப் பணத்தில் வாங்கிய சரக்கு என்றாலும் இந்தச் செலவு இல்லாமல் போகாது. அந்தப் பணம் வேறிடத்தில் ஈட்டியிருக்கக்கூடிய வருமானம் இழப்பாகிறது.

இரண்டாவது, இடம். கடை வாடகை மாதம் 40,000 ரூபாய், அதில் பாதி வாடிக்கையாளர் உட்காரும், நடமாடும் இடத்துக்கு, மீதிப் பாதி அடுக்குகளுக்கு என்று பிரித்தால், அடுக்குகளின் பங்கு 20,000. அங்கே 2,500 சேலைகள் கொள்ளுமானால் சேலைக்கு 8 ரூபாய்.

மூன்றாவது, கைவேலை. பிரித்துக் காட்டுவது, மடித்து வைப்பது, இருப்பு எண்ணுவது, காப்பீடு எல்லாம் சேர்ந்து 2 ரூபாய். நான்காவது, சேதம். மடிப்புக் கறை, வெளிச்சம் பட்டு வெளுப்பது, தூசி என்று ஆண்டுக்கு 100 சேலையில் இரண்டு கெட்டுப்போனால், சேலைக்கு மாதம் ஏறத்தாழ 2 ரூபாய்.

ஆக மொத்தம் 22 ரூபாய். அடக்க விலையில் மாதம் 2.2 சதவீதம், ஆண்டுக்கு 26 சதவீதத்துக்கு மேல். வணிகப் பாடநூல்கள் பொதுவாகச் சொல்லும் 20 முதல் 30 சதவீதம் என்ற அளவுக்குள் இது அடங்குகிறது. வட்டியை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் செலவில் பாதிகூடத் தெரிவதில்லை.

டிசைன் பழசாவதால் வரும் விலை வீழ்ச்சி இந்த 22 ரூபாயில் இல்லை. அது மாதாமாதம் சீராக நடப்பதும் இல்லை. ஒரு தீபாவளிக்கு எல்லாரும் கேட்ட டிசைன் அடுத்த சீசன் வந்ததும் சட்டென்று விலை இறங்கிவிடும். எனவே அதைச் செலவுக் கணக்கில் சேர்க்காமல், பிற்காலத்தில் கிடைக்கும் விலையை மதிப்பிடும்போது கழித்துக்கொள்வதே சரி.

எல்லாச் சரக்குக்கும் ஒரே விகிதம் இல்லை

கடை முழுவதற்கும் ஒரே விகிதத்தைப் போட்டால் கணக்கு தவறும். 15,000 ரூபாய் அடக்கமுள்ள காஞ்சிபுரம் பட்டுச் சேலைக்கு வட்டி மாதம் 150 ரூபாய். இடமும் கைவேலையும் சேர்த்து இன்னொரு 10 ரூபாய். மொத்தம் 160 ரூபாய் என்பது அதன் அடக்கத்தில் 1.1 சதவீதத்துக்குக் கீழேதான். ஆறு மாதம் காத்திருந்தாலும் 960 ரூபாய்தான் ஏறும். பட்டு விற்பனையில் இருக்கும் லாபம் அதைத் தாங்கும்.

300 ரூபாய் அடக்கமுள்ள ஒரு கனமான போர்வையின் கதை வேறு. அது நான்கு சேலைகளின் இடத்தை அடைக்கிறது என்றால் இடத்துக்கு மட்டும் மாதம் 32 ரூபாய். வட்டி வெறும் 3 ரூபாய். மொத்தம் 35 ரூபாய், அதாவது அடக்கத்தில் 12 சதவீதத்துக்கு அருகில். மார்கழிக் குளிருக்கு வாங்கி மிஞ்சிய போர்வையை அடுத்த மார்கழி வரை வைத்திருந்தால், வைத்திருந்த செலவே 400 ரூபாயைத் தாண்டிவிடும். அது போர்வையின் அடக்க விலையைவிட அதிகம்.

விலை உயர்ந்த சரக்கில் பணம்தான் பெரிய செலவு. விலை குறைந்து இடத்தை அடைக்கும் சரக்கில் இடம்தான் பெரிய செலவு. "பட்டுத்தான் பெரிய முதல், அதை முதலில் தள்ளுவோம்" என்று நினைத்து, போர்வையையும் மெத்தை விரிப்பையும் பரணில் போட்டு வைப்பது பெரும்பாலும் தலைகீழான முடிவு.

விலை போடும்போதே காலத்தைச் சேர்ப்பது

எல்லாச் சரக்குக்கும் அடக்கத்தின்மேல் 40 சதவீதம், 50 சதவீதம் என்று ஒரே அளவு ஏற்றி விலை போடும் வழக்கம் பல கடைகளில் உண்டு. சரக்கு எவ்வளவு காலம் நிற்கும் என்பதை அது கண்டுகொள்வதில்லை.

1,000 ரூபாய் அடக்கமுள்ள இரண்டு சேலைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 1,200 ரூபாய்க்கு இரண்டு மாதத்தில் விற்கிறது. இன்னொன்று 1,500 ரூபாய்க்கு விற்கப் பத்து மாதம் ஆகிறது. சீட்டைப் பார்த்தால் இரண்டாவதில்தான் லாபம் அதிகம். முதல் சேலையில் 200 ரூபாய் லாபத்திலிருந்து இரண்டு மாதச் செலவு 44 ரூபாயைக் கழித்தால் 156 நிற்கும். அந்தப் பணத்தைத் திரும்பத் திரும்ப அதே ரகத்தில் போட்டால் பத்து மாதத்தில் ஐந்து சுற்று, மொத்தம் 780 ரூபாய். இரண்டாவது சேலையில் 500 ரூபாய் லாபத்திலிருந்து பத்து மாதச் செலவு 220 ரூபாயைக் கழித்தால் 280 மட்டுமே.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வேகமாக ஓடும் ரகத்தை இன்னும் கூடுதலாக வாங்கினாலும் அது அதே வேகத்தில் ஓட வேண்டும். ஊரில் அந்தச் சேலைக்கு அவ்வளவுதான் கிராக்கி என்றால் ஐந்து சுற்றுக் கணக்கு பொருந்தாது. அப்போது முடங்கிய பணத்தின் விலை வங்கி வட்டி அளவுக்கு இறங்கிவிடும். பணத்தட்டுப்பாட்டால் ஓடுகிற சரக்கைக்கூட வாங்க முடியாமல் தவிக்கும் கடையில்தான், தேங்கிய சரக்கின் உண்மையான செலவு வட்டியைவிடப் பல மடங்கு இருக்கும்.

மெதுவாக விற்கும் ரகத்தை வைக்கவே கூடாது என்பதல்ல இதன் பொருள். கல்யாணப் பட்டு, நூற்றில் ஒருவர் கேட்கும் பெரிய அளவு ரெடிமேட், மடிசாருக்கு ஏற்ற ஒன்பது கஜச் சேலை போன்றவை மெதுவாகத்தான் போகும். அவற்றின் விலையில் காத்திருக்கும் காலமும் சேர்ந்திருக்க வேண்டும். எட்டு மாதம் நிற்கும் என்று அனுபவம் சொன்னால், எட்டு மாதச் செலவைத் தாங்கும் லாபம் விலையில் இருக்க வேண்டும். அந்த விலைக்கு வாங்க ஆளில்லை என்றால், அந்த ரகம் அந்தக் கடைக்கு உரியதல்ல.

தீபாவளிக்குப் பின் மிஞ்சிய முப்பது

நிர்ணயித்த காலத்துக்குள் விற்காமல் போன சரக்கை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. மேலே சொன்ன 1,000 ரூபாய்ச் சேலையில் 100 வாங்கி, தீபாவளிக்குள் 70 விற்று, நவம்பர் நடுவில் 30 மிஞ்சியிருக்கிறது என்று கொள்வோம்.

இந்த 30, விற்றுப்போன 70 போன்றவை அல்ல என்பதை முதலில் உணர வேண்டும். அவை நூற்றுக்கணக்கானோர் புரட்டிப் பார்த்து ஒதுக்கிய நிறங்கள், ஒதுக்கிய பார்டர்கள். மூன்று மாதத்தில் 70 போயிற்று, ஆகவே இன்னும் ஒன்றரை மாதத்தில் 30 போய்விடும் என்ற கணக்கு இங்கே பலிக்காது.

அடுத்து, 1,000 ரூபாய் என்ற அடக்கம் இந்த முடிவில் இடம் பெறக் கூடாது. அது ஏற்கெனவே செலவாகிவிட்டது. எந்த வழியைத் தேர்ந்தாலும் அது மாறப் போவதில்லை. இன்று விற்றால் என்ன கிடைக்கும், பிறகு விற்றால் என்ன கிடைக்கும், இடைப்பட்ட காலத்துக்கு என்ன செலவு என்ற மூன்றுதான் கேள்வி.

முதல் வழி, உடனே 900 ரூபாய்க்குக் கொடுத்து முப்பதையும் முடிப்பது. கைக்கு வருவது 27,000 ரூபாய். சேலைக்கு 100 ரூபாய் நஷ்டம் என்று மனம் சுணங்கும்.

இரண்டாவது வழி, ஜூலை நடுவில் ஆடி பிறக்கும்வரை காத்திருந்து 30 சதவீதத் தள்ளுபடியில், 1,050 ரூபாய்க்கு விற்பது. அடக்கத்துக்கு மேலே விலை கிடைப்பதால் இது லாபம்போலத் தோன்றும். ஆனால் ஆடியிலும் எல்லாம் போகாது. 24 விற்று, மீதி 6 கடைசியில் 400 ரூபாய்க்குத் தள்ளப்பட்டால் மொத்த வரவு 27,600 ரூபாய். எட்டு மாதத்துக்குச் சேலைக்கு 22 ரூபாய் வீதம் 176 ரூபாய். முப்பது சேலைக்கு 5,280 ரூபாய். கழித்தால் நிற்பது 22,320. இன்றே 900 ரூபாய்க்குக் கொடுப்பதைவிட 4,680 ரூபாய் குறைவு. வேறு வகையில் சொன்னால், ஆடிவரை காக்கும் ஒரு சேலையின் இன்றைய மதிப்பு 744 ரூபாய். அதற்கு மேல் எந்த விலைக்கு இன்று கொடுத்தாலும் காத்திருப்பதைவிட மேல்.

மூன்றாவது வழியில்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பொங்கலுக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. அதுவரை வைத்திருக்கச் சேலைக்கு 44 ரூபாய். பொங்கலுக்கு 10 சதவீதம் குறைத்து 1,350 ரூபாய்க்கு 12 சேலை போகிறது என்றால், செலவு போக ஒவ்வொன்றிலும் 1,306 ரூபாய், மொத்தம் 15,672 ரூபாய். மிஞ்சிய 18 சேலையைத் தை மாதத்திலேயே 850 ரூபாய்க்கு முடித்துவிட்டால், செலவு போக 806 ரூபாய் வீதம் 14,508 ரூபாய். மொத்தம் 30,180. முதல் வழியைவிட 3,180 ரூபாய் அதிகம்.

மிஞ்சிய அதே 18 சேலையைப் பொங்கலுக்குப் பிறகு ஆடிவரை வைத்திருந்தால், சேலைக்கு 744 வீதம் 13,392 ரூபாய்தான் கிடைக்கும். மொத்த வரவு 29,064 ஆகக் குறைந்துவிடும். ஆகவே அருகில் இருக்கும், உண்மையாகவே அந்த ரகத்தை வாங்க ஆள் வரும் சீசனுக்காகக் காத்திருப்பது பலன் தரும். அதைத் தாண்டி வரும் நீண்ட வெற்றுக் காலத்தைக் கடக்கக் காத்திருப்பது பலன் தராது.

பொங்கலுக்கு 12 போகும் என்பது அனுமானம்தானே என்ற கேள்வி நியாயமானது. அதைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். பொங்கலுக்கு விற்கும் ஒவ்வொரு சேலையும், தையில் தள்ளப்படும் சேலையைவிட 500 ரூபாய் கூடுதலாகத் தருகிறது. முப்பதையும் தையில் தள்ளினால் 24,180 ரூபாய். இன்றே தள்ளினால் 27,000. இடையிலுள்ள 2,820 ரூபாயை ஈடுகட்ட, பொங்கலுக்கு ஆறு சேலையாவது விற்க வேண்டும். முந்தைய பொங்கலில் இதே ரகத்தில், தீபாவளிக்கு மிஞ்சியதில் ஐந்தில் ஒரு பங்கு போயிற்றா என்று பழைய பில்களைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். ஊகத்துக்கு மாற்றாக, "ஆறு போகுமா?" என்ற ஒற்றைக் கேள்வி நிற்கிறது.

தள்ளும் முறை

நேரம் முடிவானபின், எப்படித் தள்ளுவது என்பதிலும் பணம் இருக்கிறது. 1,500 ரூபாய்ச் சேலையை 1,425, பிறகு 1,350, பிறகு 1,275 என்று மாதம் ஒரு படியாக இறக்கினால், ஒவ்வொரு படியும் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. வாங்குபவர் அசைவதில்லை, ஒவ்வொரு மாதமும் 22 ரூபாய் மட்டும் போகிறது. முதல் குறைப்பிலேயே வாடிக்கையாளர் வேறு விலை வரிசையில் இருப்பதாக உணர வேண்டும். 1,500 ரூபாய்க்குச் சேலை தேடுபவர் ஒதுக்கிய நிறத்தை, 1,000 ரூபாய்க்குள் தேடுபவர் எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

தள்ளுபடிப் பலகை இல்லாமலும் சரக்கை நகர்த்தலாம். தை பிறந்து முகூர்த்தங்கள் தொடங்கியதும் கல்யாண வீட்டார் உறவினருக்கு வைத்துக்கொடுக்கப் பத்து, இருபது சேலைகளை மொத்தமாக எடுப்பார்கள். அங்கே நிறத்தைவிட விலையும் எண்ணிக்கையும்தான் முக்கியம். தையில் 850 ரூபாய்க்கு 18 சேலையை முடிக்க இதுவே இயல்பான வழி. கடையின் வழக்கமான விலைமீது சந்தேகமும் வராது. கடை முழுவதும் அடிக்கடி தள்ளுபடி போட்டால் புதுச் சரக்கை வாங்கவும் வாடிக்கையாளர் காத்திருக்கப் பழகிவிடுவார். அந்த இழப்பு மேலே போட்ட எந்தக் கணக்கிலும் தெரியாது. ஆகவே தேங்கிய ரகத்தை மட்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும், புதுச் சரக்கிலிருந்து தனியாகப் பிரித்து வைத்து விற்பது நல்லது.

தேக்கத்தை முன்பே காண்பது

இந்த முடிவுகளுக்கெல்லாம் அடிப்படையான ஒரு தகவல், எந்தச் சரக்கு எப்போது வந்தது என்பது. விலைச்சீட்டில் அடக்கத்தைக் குறியீட்டு எழுத்துகளில் எழுதும் வழக்கம் பல கடைகளில் உண்டு. அதோடு வந்த மாதத்தையும் குறித்துவிட்டால், அடுக்கைப் பார்த்ததுமே வயது தெரியும். கணினியில் பில் போடும் கடை, சரக்கை 90 நாளுக்குள், 90 முதல் 180 நாள், 180 நாளுக்கு மேல் என்று மூன்றாகப் பிரித்து மாதம் ஒருமுறை பட்டியல் எடுக்கலாம்.

வயது மட்டும் போதாது. ஜவுளியில் தீபாவளி விற்பனையின் பெரும்பகுதி கடைசிச் சில வாரங்களில்தான் நடக்கும் என்பதால், புரட்டாசியில் ஒரு ரகம் மந்தமாக இருப்பது தேக்கத்துக்குச் சான்றல்ல. அதே நேரத்தில் வந்த, அதே விலையுள்ள மற்ற ரகங்களோடு ஒப்பிட வேண்டும். மற்றவை பாதி போயிருக்க, ஒன்று மட்டும் பத்தில் ஒரு பங்கு போயிருந்தால் அதுதான் எச்சரிக்கை. அந்த நிலையில் மொத்த வியாபாரியிடம் வேறு ரகம் மாற்றிக்கொள்ள முடிந்தால், அதைவிட மலிவான தீர்வு இல்லை. தீபாவளி முடிந்துவிட்டால் அந்த வாய்ப்பும் பெரும்பாலும் போய்விடும்.

வங்கிக் கடனில் ஓடும் கடைக்கு இன்னொரு எல்லையும் உண்டு. மாதாமாதம் கொடுக்கும் இருப்புப் பட்டியலின் மதிப்பில் ஒரு பகுதியை, பலநேரம் நான்கில் ஒரு பங்கை, ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் வங்கி பணம் எடுக்க அனுமதிக்கும். குறிப்பிட்ட வயதைத் தாண்டிய சரக்கைப் பல வங்கிகள் இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 30,000 ரூபாய்ச் சரக்கு அந்த வயதைத் தாண்டினால், அதன்மேல் எடுக்க முடிந்த 22,500 ரூபாயும் குறையும். வைத்திருக்கும் செலவு அந்த நாளில் ஒரே படியில் எகிறும். எனவே சரக்கைத் தள்ளும் தேதி அந்த நாளுக்கு முன்னால் இருப்பது நல்லது.

கணக்கு மாறும் இடங்கள்

அடுக்குகள் காலியாகக் கிடக்கும் கடையில் இடச் செலவான 8 ரூபாயைச் சேர்க்கக் கூடாது. சேலையைத் தள்ளினாலும் வாடகை குறையாது, அந்த இடத்துக்கு வேறு சரக்கும் வரப்போவதில்லை. அப்போது மாதச் செலவு 14 ரூபாய். ஆடிவரை காத்திருக்கும் சேலையின் இன்றைய மதிப்பு 808 ரூபாயாக உயரும். மாறாக, பண்டிகைக்கு முன் அடுக்குகள் நிரம்பி வழியும்போது அந்த இடத்தின் மதிப்பு 8 ரூபாயைவிடப் பல மடங்கு.

பட்டில் இன்னொரு வேறுபாடு உண்டு. காஞ்சிபுரம் சேலையின் அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது. வெள்ளி விலை ஏறும் காலத்தில் அதே சேலையைப் புதிதாக வாங்க அதிகப் பணம் வேண்டும். பழைய இருப்பு அப்போது அதே விலைக்கு ஈடாக நிற்கும். வைத்திருந்த செலவை விலை ஏற்றமே ஈடுகட்டலாம். ஆனால் பட்டை அவ்வப்போது மடிப்பு மாற்றி வைக்காவிட்டால் மடிப்பு ஓரத்தில் இழை விட்டுப்போகும், ஜரிகையும் கருக்கும். சிந்தெடிக் டிசைனர் சேலைக்கு இப்படிப்பட்ட விலை ஏற்றம் இல்லை. அதன் விலை ஒரே திசையில்தான் போகும். வெள்ளை வேட்டி, பள்ளிச் சீருடைத் துணி போன்றவை இரண்டுக்கும் நடுவில். டிசைன் பழசாவதில்லை என்பதால் அவற்றைத் தள்ள அவசரமில்லை. அடுத்த கொள்முதலைக் குறைத்தாலே இருப்பு தானாகக் கரையும்.

அடுத்த கொள்முதலுக்கு

தேங்கிய முப்பதின் கணக்கு முடிந்தபின், அதை வாங்கிய நாளின் முடிவையும் அளந்து பார்க்கலாம். 70 சேலை மட்டும் வாங்கியிருந்தால் ஒன்று 1,030 ரூபாய், 100 வாங்கியதால் 1,000 ரூபாய் என்று மொத்த வியாபாரி விலை சொல்லியிருந்தார் எனக் கொள்வோம். 100 வாங்கியதால் எழுபதில் மிச்சம் 2,100 ரூபாய். கூடுதல் முப்பதுக்குப் போட்ட 30,000 ரூபாய், மூன்றில் சிறந்த வழியில் 30,180 ஆகத் திரும்பியது. அங்கே ஆதாயம் 180. ஆவணி முதல் நவம்பர் நடுவரை அந்த முப்பதையும் வைத்திருந்த மூன்று மாதச் செலவு 1,980. எல்லாம் நன்றாக நடந்தும் மொத்தக் கொள்முதலால் கடைக்கு நின்றது 300 ரூபாய். அதே சரக்கு ஆடிவரை போயிருந்தால், முப்பதில் மட்டும் 7,680 ரூபாய் குறைந்து, மொத்தத்தில் 7,560 ரூபாய் கைநஷ்டம். மொத்த வியாபாரி "நூறு எடுத்தால் முப்பது ரூபாய் குறைவு" என்று சொல்லும்போது, அந்தக் குறைப்போடு ஒப்பிட வேண்டியது கடைசி முப்பது சேலை எந்த மாதத்தில், எந்த விலைக்குப் போகும் என்பதைத்தான்.